குடைமிளகாய் பச்சையிலிருந்து சிவப்பு வரை: நிறநிலை பார்த்துப் பறிக்கவும் சேமிக்கவும் ஒரு வழிகாட்டி

பச்சைக் குடைமிளகாயும் சிவப்புக் குடைமிளகாயும் பெரும்பாலும் வெவ்வேறு வகைகள் அல்ல. ஒரே செடியில் ஒரே காய் வெவ்வேறு வயதில் காட்டும் நிறங்கள் அவை. பச்சை என்பது வளர்ந்து முடிந்தும் இன்னும் பழுக்காத நிலை. சிவப்பு என்பது பழம். இதைத் தெரிந்துகொண்ட புதியவர்கள் பலர், பச்சைக் காய் ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு அது சிவக்கும் என்று காத்திருக்கிறார்கள். அது சிவக்காது, நாளடைவில் தோல் சுருங்கி, காம்படியில் பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போகும். தக்காளியும் வாழையும் பறித்த பிறகும் எத்திலீன் என்னும் வாயுவைத் தாமே வெளியிட்டுப் பழுத்துக்கொள்கின்றன. குடைமிளகாய் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. அது வெளியிடும் எத்திலீன் மிகக் குறைவு. வெளியிலிருந்து கொடுத்தாலும் பெரிதாக அசைந்துகொடுக்காது. ஆகவே வாழைப்பழத்தோடு ஒரே பையில் மூடி வைக்கும் உத்தி இங்கே பலிப்பதில்லை.

நிறம் மாறத் தொடங்குவது செடியில்தான் நடக்க வேண்டும். தொடங்கிவிட்ட காயை மட்டும் பறித்த பிறகும் ஓரளவு முன்னே கொண்டுசெல்லலாம். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஓர் உண்மையை ஒட்டியே அமைந்தவை.

படி 1: காய் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்

முதலில், உங்கள் வகை எந்த நிறத்தில் முடியும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாக் குடைமிளகாயும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வரிசையாக நிறம் மாறிச் செல்லும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது; அது சரியல்ல. மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ விற்கப்படும் காய்களில் பெரும்பாலானவை அந்த நிறத்திலேயே முழுமையாகப் பழுத்து நிற்கும் வகைகள். சிவப்பு நிறமியை உருவாக்கும் கடைசிக் கட்டம் அவற்றில் மரபு வழியிலேயே செயல்படுவதில்லை. அவை எத்தனை நாள் செடியில் இருந்தாலும் சிவக்கப்போவதில்லை. விதை உறையில் அல்லது நாற்றின் அட்டையில் முதிர்ந்த நிறம் எதுவென்று குறித்திருந்தால் அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை சிவப்பில் முடியும் வகைகளையே எடுத்துக்கொள்கிறது. மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் படிகள் பெரும்பாலும் இவையே.

சிவப்பில் முடியும் காயை நான்கு நிலைகளாகப் பிரித்துப் பார்ப்பது எளிது. முதலாவது பிஞ்சுப் பச்சை. காய் இன்னும் பருத்துக்கொண்டிருக்கும். சுவர் மெல்லியதாக இருப்பதால் விரலால் அழுத்தினால் உள்வாங்கும். இரண்டாவது முதிர்ந்த பச்சை. காய் தன் முழு அளவை எட்டி, தோல் மினுங்கி, அழுத்தினால் சற்றும் விட்டுக்கொடுக்காமல் கெட்டியாக இருக்கும். நறுக்கிப் பார்த்தால் சதை தடித்திருக்கும். விதைகள் வெள்ளை மாறிப் பாலேட்டின் நிறத்தை அடைந்திருக்கும். பச்சையாகப் பறிப்பதானால் பறிக்க வேண்டியது இந்த நிலையில்தான். மூன்றாவது நிறம் உடையும் நிலை. பச்சைக்கு நடுவே பழுப்போ கருஞ்சிவப்போ திட்டாகத் தோன்றும். நான்காவது முழுச் சிவப்பு.

மூன்றாவது நிலையில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பச்சை நிறமி இன்னும் முழுதாகச் சிதையாமல் இருக்கும்போதே சிவப்பு நிறமி உருவாகத் தொடங்கிவிடுகிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தெரிவதால் கண்ணுக்குச் சிவப்பாகத் தோன்றாமல் அழுக்குப் பழுப்பாக, சில வகைகளில் ஏறக்குறையக் கருப்பாகவே தோன்றும். அழுகல் என்று நினைத்து நல்ல காயைப் பறித்து எறிந்துவிடுகிறார்கள். வேறுபாட்டை விரலே சொல்லிவிடும். திட்டின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள். சுற்றியுள்ள பச்சைப் பகுதி எவ்வளவு கெட்டியோ அவ்வளவு கெட்டியாக, அதே மினுமினுப்போடு இருந்தால் அது பழுக்கத் தொடங்கிய அடையாளம். திட்டின் ஓரம் மங்கலாகப் பச்சையில் கரைந்து மறையும். அழுகலோ குழிந்து, மெத்தென்று, பெரும்பாலும் கோடிட்டது போன்ற ஓரத்தோடு இருக்கும். வெயில் நேராகத் தாக்கும் பக்கத்தில் மட்டும் வெளிறி, காகிதம்போல் காய்ந்த திட்டு தென்பட்டால் அது வெயில் கருகல். அது பழுப்பதற்கான அறிகுறியல்ல, அந்த இடத்தில் பின்னர் பூஞ்சை நுழையும். அப்படிப்பட்ட காயைச் சேமிப்பில் சேர்க்காமல், கெட்ட பகுதியை வெட்டிவிட்டு உடனே சமைத்துவிடுவது நல்லது.

படி 2: நிறம் மாறும்போது சுவை என்ன ஆகிறது என்று அறிந்துகொள்ளுங்கள்

பச்சைக் காயின் நிறம் பச்சையத்தால் வருகிறது. காய் பழுக்கும்போது பச்சையம் சிதைந்து, கரோட்டினாய்டு நிறமிகள் சேர்கின்றன. சிவப்பைத் தருவதில் முதன்மையானது கேப்சாந்தின். கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இவ்வளவுதான். நாக்குக்கும் மூக்குக்கும் தெரியும் மாற்றம் இதற்கு இணையாக நடக்கிறது. சமையலுக்கு அதுவே அதிகம் பயன்படுகிறது.

பச்சைக் குடைமிளகாயை நறுக்கியதும் எழும் அந்தத் தழை மணத்துக்குக் காரணம் மெத்தாக்சிபைரசின் வகையைச் சேர்ந்த ஒரு சேர்மம். மனித மூக்கு மிகச் சிறிய அளவில் உணரக்கூடிய மணப்பொருள்களில் அதுவும் ஒன்று. தண்ணீரில் ஒரு லட்சம் கோடிப் பங்குக்கு ஏறக்குறைய 2 பங்கு இருந்தாலே மணம் தெரிந்துவிடும். காய் பழுக்கப் பழுக்க இந்தச் சேர்மம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பச்சைக் காய் சிறிதளவு சேர்த்தாலும் சமைத்த பாத்திரம் முழுவதும் அதன் மணமாகவே இருப்பதும், சிவப்புக் காய் எவ்வளவு சேர்த்தாலும் அப்படி ஆகாததும் இதனால்தான்.

அதே காலத்தில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சேர்கின்றன. 100 கிராம் பச்சைக் காயில் சர்க்கரை ஏறக்குறைய 2.4 கிராம் என்றால், சிவப்பில் 4 கிராமுக்குச் சற்று மேல். பச்சையில் இருந்த மெல்லிய கசப்பு பின்வாங்குகிறது. வைட்டமின் சி சத்தும் சிவப்பில் கூடுதல். இந்தச் சர்க்கரை இலைகளில் உருவாகிக் காம்பு வழியாகக் காய்க்குள் வருவது என்பதை நினைவில் வையுங்கள். நான்காம் படியில் இது மறுபடியும் வரும்.

காரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பென்றால் காரம் என்ற அச்சம் குடைமிளகாய்க்குப் பொருந்தாது. காரம் தரும் கேப்சைசின் உருவாவதற்குரிய மரபணு இதில் செயலற்றது. எந்த நிறத்திலும் காரம் இராது. காயின் அடியில் மூன்று மேடா நான்கு மேடா என்று எண்ணி ஆண், பெண் என்று பிரித்து இனிப்பைக் கணிப்பவர்களும் இருக்கிறார்கள்; அதற்கு அடிப்படையே இல்லை. ஒரே பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் இருக்கும் செடி இது. இனிப்பை அறிய நிறத்தைப் பார்த்தால் போதும்.

படி 3: பயன்பாட்டை முடிவுசெய்த பிறகே பறியுங்கள்

எண்ணெயில் அதிக வெப்பத்தில் விரைவாக வதக்கும் சமையலுக்கும், கொழுப்போ புளிப்போ மிகுந்த உணவில் ஒரு கூர்மை வேண்டியபோதும் முதிர்ந்த பச்சை பொருந்தும். அதை நெடுநேரம் வேகவைப்பதோ, புளிப்பான சாற்றில் ஊறவிடுவதோ நிறத்தைக் கெடுத்துவிடும். அமிலமும் வெப்பமும் சேரும்போது பச்சையம் மங்கிய ஆலிவ் நிறமாகிவிடுகிறது. சிவப்பு நிறமிகள் வெப்பத்தைத் தாங்கும். எண்ணெயில் கரைந்து குழம்புக்கே நிறம் கொடுக்கும். சமைக்காமல் நறுக்கி உண்பதற்கும், நெருப்பில் சுட்டுத் தோலுரிப்பதற்கும், அரைத்துக் கூழாக்குவதற்கும் சிவப்பே சிறந்தது. சுடும்போது அதிலுள்ள சர்க்கரை பழுப்பேறித் தரும் சுவையைப் பச்சைக் காயிலிருந்து பெற முடியாது.

செடி வைத்திருப்பவர்கள் இன்னொரு கணக்கையும் போட வேண்டியிருக்கிறது. பூ மலர்ந்து முதிர்ந்த பச்சையை எட்ட ஏறக்குறைய ஐந்து ஆறு வாரங்கள் ஆகும். அங்கிருந்து முழுச் சிவப்பை எட்ட மேலும் இரண்டு மூன்று வாரங்கள், குளிர்ந்த பருவத்தில் அதற்கும் கூடுதலாக ஆகும். அந்த நாள்களில் காய் செடியின் உணவை இழுத்துக்கொண்டே இருப்பதால் புதிய பிஞ்சுகள் பிடிப்பது குறையும். எல்லாக் காயையும் சிவக்க விட்டால் மொத்த விளைச்சல் குறையும். என் கருத்தில், முதலில் வரும் காய்களைப் பச்சையாகவே பறித்துச் செடியை விடுவித்துவிட்டு, நடுப்பருவத்தில் வரும் காய்களைச் சிவக்க விடுவதுதான் நல்ல ஏற்பாடு. நிறம் மாறுவதற்கு மிதமான வெப்பம், அதாவது ஏறக்குறைய 18 முதல் 25 டிகிரி செல்சியஸ், உகந்தது. கடும் வெயில் காலத்தில் நிறம் தயங்கும்; 13 டிகிரிக்குக் கீழே மிகவும் மெதுவாகிவிடும். அத்தகைய நாள்களில் காய் மாறாமல் நிற்பதைக் கண்டு உரம் கூட்டுவதில் பயனில்லை.

பறிக்கும்போது இழுக்காதீர்கள், குடைமிளகாயின் கிளைகள் எளிதில் முறிந்துவிடும். கூர்மையான கத்தரிக்கோலால், காய்மேல் ஓரிரு சென்டிமீட்டர் காம்பு நிற்கும்படி வெட்டுங்கள். காயின் தோலில் இலைத்துளைகள் கிடையாது. தோல்மேல் மெழுகுப் படலமும் இருக்கிறது. ஆகவே உள்ளேயுள்ள நீர் வெளியேறுவதற்கு காம்படிப் பகுதி ஒரு முக்கிய வழியாகிறது. அங்கே கிழிசல் விழுந்தால் காய் விரைவில் வாடும். பூஞ்சையும் முதலில் அங்கேதான் குடியேறும்.

படி 4: நிறம் உடைந்த காயை வீட்டில் சிவக்க வையுங்கள்

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். உங்கள் செடியில் நான்கு காய்கள் இருக்கின்றன. மறுநாளிலிருந்து பலத்த மழை என்பதால் நான்கையும் இன்றே பறித்தாக வேண்டும். ஒன்று முதிர்ந்த பச்சை. அதில் எந்தத் திட்டும் இல்லை. இரண்டாவதில் காம்புக்குக் கீழே கட்டைவிரல் அகலத்தில் ஒரு பழுப்புத் திட்டு. மூன்றாவது ஏறக்குறைய பாதி சிவந்தது. நான்காவது முழுச் சிவப்பு.

முதல் காயைச் சிவக்க வைக்க முயல வேண்டாம், பச்சையாகவே சேமியுங்கள். நான்காவதும் நேராகச் சேமிப்புக்குப் போகட்டும். நடுவிலுள்ள இரண்டையும் ஈரமின்றித் துடைத்து, 20 முதல் 25 டிகிரி வெப்பமுள்ள அறையில், வெயில் நேராகப் படாத இடத்தில் வையுங்கள். வெப்பத்தைப் போலவே ஈரப்பதமும் முக்கியம். வறண்ட காற்றில் திறந்து வைத்தால் நிறம் முடிவதற்கு முன்பே தோல் சுருங்கிவிடும். ஓர் அகலமான டப்பாவின் அடியில் நனைத்துப் பிழிந்த துணியை விரித்து, அதன்மேல் காய்கள் துணியைத் தொடாதபடி ஒரு சிறு கம்பித்தட்டை வைத்து, காய்களை ஒன்றோடொன்று உரசாமல் அடுக்கி, மூடியைச் சற்றே திறந்த நிலையில் வைத்தால் போதும். காற்று ஈரமாக இருக்க வேண்டும். காய் நனைந்திருக்கக் கூடாது. நாளுக்கு ஒரு முறை மூடியைத் திறந்து, காய்மேல் நீர்த்துளி இருந்தால் துடைத்துவிட்டு, காம்படியில் சாம்பல் நிறப் பூஞ்சை இழைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் அந்தக் காயை உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.

பாதி சிவந்த காய் பெரும்பாலும் சில நாள்களில் முழு நிறத்தை எட்டிவிடும். பச்சைப் பகுதி நேராகச் சிவக்காது; முதலில் பழுப்பாகும், அந்தப் பழுப்பு நாளுக்கு நாள் வெளுத்துச் சிவப்பாகத் தெளியும். திட்டு மட்டும் விழுந்த இரண்டாவது காய் ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். சில நேரம் அடிப்பகுதி பழுப்பாகவே நின்றுவிடும். நாள்தோறும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று நாள்களாக நிறத்தில் எந்த அசைவும் இல்லாமல் தோள்பகுதியில் மெல்லிய சுருக்கம் விழத் தொடங்கினால், அந்தக் காயால் இனி முடியாது என்று பொருள். அதை அப்போதே சமைத்துவிடுங்கள். வணிகத்துக்காக நிறக்காய் வளர்ப்பவர்கள் குறைந்தது பாதி நிறம் ஏறிய பிறகே பறிக்க வேண்டும் என்ற பரிந்துரை இதனால்தான் இருக்கிறது.

இப்படி வீட்டில் சிவந்த காய், செடியிலேயே சிவந்த காய்க்கு நிறத்தில் ஈடாகலாம், இனிப்பில் ஈடாகாது. காம்பை வெட்டிய கணத்திலேயே இலையிலிருந்து வரும் சர்க்கரை நின்றுவிட்டது. பச்சை மணம் குறைந்திருக்கும், ஆனால் செடியில் பழுத்த காயின் நிறைந்த இனிப்பு இராது. அதைச் சமையலுக்கு வைத்துக்கொண்டு, செடியில் சிவந்ததைச் சமைக்காமல் உண்ண ஒதுக்குங்கள்.

படி 5: நிறத்துக்கு ஏற்பச் சேமியுங்கள்

முழுக் குடைமிளகாய்க்கு மிகவும் ஏற்ற வெப்பநிலை ஏறக்குறைய 7.5 டிகிரி. அந்த வெப்பநிலையில், ஈரப்பதமும் மிகுந்திருந்தால், நல்ல காய் மூன்று முதல் ஐந்து வாரம் வரை நிற்கும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியோ பெரும்பாலும் 3 முதல் 5 டிகிரியில் ஓடுகிறது. பாலுக்கு நல்லதான அந்தக் குளிர், வெப்பநாட்டுச் செடியான குடைமிளகாய்க்கு நாளடைவில் காயம் விளைவிக்கிறது. தோலில் ஊசி குத்தியதுபோல் சிறு குழிகள் விழும். உள்ளே விதைகளும் விதை அறையும் பழுப்பேறும். நீர் வற்றாமலேயே சதை மென்மையாகிவிடும். காய் பெட்டிக்குள் இருக்கும்வரை இவற்றில் பல வெளிப்படுவதில்லை. வெளியே எடுத்து ஒரு நாள் வைத்ததும் குழிகள் கருத்து, அழுகல் வேகமாகப் பரவும். வெளித்தோற்றத்தில் நன்றாக இருந்த காயை நறுக்கியதும் விதைகள் பழுப்பாக இருந்தால், அது பழைய காய் என்பதைவிட அதிகக் குளிரில் கிடந்த காய் என்பதே பெரும்பாலும் உண்மை.

நிறம் இங்கேதான் எதிர்பாராத விதத்தில் குறுக்கிடுகிறது. குளிரால் எளிதில் காயப்படுவது பச்சைக் காய்; பழுத்த காய் அதைவிட நன்றாகக் குளிரைத் தாங்கும். ஆனால் பழுத்த காய்க்கு மிச்சமிருக்கும் ஆயுள் குறைவு. சர்க்கரை மிகுந்து, சதை இளகும் வயதை எட்டிவிட்டதால், அது மென்மையாகிக் கெடும் நாள் அருகில் இருக்கிறது. எனவே இரண்டையும் ஒரே இடத்தில் போட்டு வைப்பது சரியல்ல. சிவப்புக் காயைக் காய்கறி அறையிலேயே வைத்து ஒரு வாரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். பச்சைக் காயைப் பெட்டியின் குளிர் குறைந்த பகுதியில், பெரும்பாலும் கதவுப் பக்கம், குளிர்காற்று வரும் துளையிலிருந்து விலக்கி வையுங்கள். அது அங்கே ஒன்றரை, இரண்டு வாரம் நல்ல நிலையில் இருக்கும். அதற்கு மேல் குழிகளை எதிர்பார்க்கலாம். பழுப்புத் திட்டு விழுந்த காயைச் சிவக்க வைக்க விரும்பினால் அது முடியும்வரை குளிரில் வைக்கவே வேண்டாம். குளிரில் நிறமாற்றம் கிட்டத்தட்ட நின்றுவிடும்.

எந்த நிறமானாலும் கழுவாமல் வையுங்கள். காம்படியின் பள்ளத்தில் தேங்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் பூஞ்சைக்குப் போதுமானது. சில துளைகள் இட்ட பையில், உள்ளே ஒரு உலர்ந்த காகிதத்தைப் போட்டு வைத்தால், நீர் வற்றுவதும் தடுக்கப்படும், வியர்வையும் காகிதத்தில் ஊறிவிடும். காகிதம் ஈரமானால் மாற்றுங்கள். சற்றே சுருங்கிய காய் கெட்ட காயல்ல. எடையில் நூற்றில் ஐந்து பங்கு அளவு நீர் போனாலே சுருக்கம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். அது சமைக்க நன்றாகவே இருக்கும். வழவழப்பு, புளித்த வாடை, உட்சுவரில் பூஞ்சை ஆகியவை இருந்தால் எறிந்துவிடுங்கள்.

நறுக்கிய காய்க்குக் கணக்கு வேறு. அங்கே குளிர்க்காயத்தைப் பற்றிய கவலை வேண்டாம். கிருமிகளைப் பற்றிய கவலையே பெரிது. மூடிய டப்பாவில், பெட்டியின் குளிர்ந்த பகுதியில் வைத்து மூன்று நான்கு நாள்களுக்குள் முடித்துவிடுங்கள். அதற்குமேல் வேண்டுமென்றால் உறைய வையுங்கள். குடைமிளகாயை வெந்நீரில் போட்டு எடுக்காமலே உறைய வைக்கலாம்: விதை நீக்கி நறுக்கி, ஈரம் போகத் துடைத்து, தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி உறைந்த பிறகு பையில் மாற்றிக் காற்றை வெளியேற்றிக் கட்டுங்கள். உருகியபின் மொறுமொறுப்பு இராது. ஆகவே நேராகச் சூடான பாத்திரத்தில் போடுங்கள். சிவப்புக் காய்தான் இதற்கு ஏற்றது. அதன் நிறமும் இனிப்பும் உறைநிலையைக் கடந்தும் நிற்கின்றன.

சுட்டுத் தோலுரித்த சிவப்புக் காயை எண்ணெயில் மூழ்க வைத்து வெளியே அலமாரியில் வைப்பது மட்டும் கூடாது. அமிலம் குறைந்த காயும், காற்றுப் புகாத எண்ணெயும், அறை வெப்பமும் சேர்ந்தால் பொட்டுலிசம் என்னும் கொடிய உணவு நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிர் வளர இடமாகிவிடும். அந்த நஞ்சு மணத்திலோ சுவையிலோ தெரியாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நான்கு நாள்களுக்குள் உண்டுவிடுங்கள்; அதற்குமேல் தேவைப்படும் அளவை எண்ணெய் ஊற்றுவதற்கு முன்பே பிரித்து உறைய வைத்துவிடுங்கள்.